புதுப்பிப்பு: கடையில் வைத்த 60 பிரதிகளின் கணக்கு

என் பழைய கேள்வி: “விற்ற பிறகு பணம் என்ற கன்சைன்மென்ட் முறையில் கொடுத்த 60 புத்தகங்களில் 21 விற்றதாகக் கடை அறிக்கை அனுப்பியிருக்கிறது. அப்படியே நம்பிப் பணம் வாங்கலாமா?”

கடைக்கே போய் எண்ணிவிட்டு வந்தேன். சேதமாகித் திரும்பி வந்தவை 4. மீதி 35 இருக்க வேண்டும். அலமாரியிலும் குடோனிலும் சேர்த்து 31தான் இருந்தது. அறிக்கையை விட்டுவிட்டு எண்ணிக்கையிலிருந்து தொடங்குங்கள் என்று விற்பனையாளர் அண்ணன் ஒருவர் அந்தக் கேள்விக்குப் பதிலாகச் சொன்னது எவ்வளவு சரி!

அவர் சொன்னபடியே கைப்பில் புத்தகத்தையும் கேட்டேன். கண்காட்சி ஸ்டாலில் 3 பிரதிகள் கையால் பில் போட்டு விற்றிருக்கிறார்கள், கம்ப்யூட்டரில் ஏற்றவில்லை. அறிக்கை கம்ப்யூட்டரிலிருந்து மட்டும் எடுத்தது. ஏமாற்று இல்லை என்று தெரிந்ததும் மனசு லேசானது.

250 ரூபாய் விலையில் 35 சதவீதக் கழிவு போக எனக்கு 162.50. 21க்கு 3,412.50 என்றிருந்தது, 24க்கு 3,900 ஆகிவிட்டது. மீதி ஒரு பிரதி எங்கே போனது என்று தெரியவில்லை. தொலைந்ததை யார் ஏற்பது என்று என் டெலிவரி சலானில் ஒரு வரிகூட இல்லை, அதனால் பேச்சு இன்னும் இழுக்கிறது.

60 பிரதிகளுக்கும் முதலிலேயே பில் போடச் சொன்ன நண்பருக்கு: பணம் உறுதியாகும், சரி. ஆனால் அது நேர் விற்பனை. புதுப் பதிப்பகத்திடம் 60 பிரதிகளைக் கடை அப்படி எடுக்காது.

அடுத்த எண்ணிக்கை மூன்று மாதத்தில்.