சப்ளையரின் எக்கவுண்ட் மாறிவிட்டதாம், இன்றே காசு போடலாமா?

மில்_கணக்கு (சம்மாந்துறை): அவசரம். உரப்பை அனுப்பும் கொழும்புக் கம்பெனி, எக்கவுண்ட் மாறிவிட்டது என்று மெயில் போட்டிருக்கிறது. இன்வொய்ஸில் தொகை சரி. மூன்று மணிக்குள் போடச் சொல்லி முதலாளி நிற்கிறார்.

கல்லடிக்காரன்: எவ்வளவு காசு? மெயில் முகவரி பழையதா? ஒன்றும் சொல்லாமல் போடலாமா என்றால் எப்படி?

ஏறாவூர்_ஹாட்வெயார்: வற் எண்ணைப் பழைய பில்லோடு ஒப்பிடுங்கள் நானா. போலி அங்கேதான் மாட்டும்.

மில்_கணக்கு: 486,000 ரூபாய். வற் எண்ணும் முகவரியும் சரி. நாங்கள் போன வாரம் அனுப்பிய மெயிலுக்குப் பதிலாகவே வந்திருக்கிறது. ஆடிட் நடப்பதால் பழைய எக்கவுண்டில் போட வேண்டாமாம்.

ஓய்வு_கணக்காளர்: இதைக்கூடச் சொல்லித்தர வேண்டியிருக்கிறதே! நிஜ இன்வொய்ஸை எடுத்து எக்கவுண்ட் எண்ணை மட்டும் மாற்றியவனுக்கு வற் எண் எதற்குப் பிழைக்கும்? மெயிலில் திருப்பிக் கேட்காதீர்கள், பதில் போடுவதும் அவனாக இருக்கலாம். புது இன்வொய்ஸில் உள்ள போன் நம்பரும் வேண்டாம். போன வருடத்துப் பில்லில் உள்ள நம்பருக்கு எடுங்கள். எக்கவுண்ட் எண்ணை நீங்கள் வாசித்து ‘சரிதானே?’ என்று கேட்டால் போன் எடுக்கும் பெடியன் ஆமாம் என்றுதான் சொல்வான். எண்ணை அவர்கள் வாயால் சொல்ல விடுங்கள்.

அக்கரைப்பற்று_ரைஸ்: எனக்கும் இப்படித்தான், வங்கியிலிருந்து பேசுகிறோம் என்று ஓடிபி கேட்டார்கள்.

கல்லடிக்காரன்: அது வேறு கதை அண்ணன்.

ஏறாவூர்_ஹாட்வெயார்: கம்பெனி பெயரைப் போட்டு அனுப்புங்கள். ஆள் வேறென்றால் வங்கி திருப்பிவிடும்.

ஓய்வு_கணக்காளர்: திருப்பாது. செஃப்ட்ஸில் காசு எண்ணைப் பார்த்துத்தான் போகும், அதுவும் உடனே. பெயர் பார்க்க வேண்டுமென்றால் கோடிட்ட செக் எழுதுங்கள். கம்பெனி பெயரில் ‘அக்கவுண்ட் பேயீ’ என்று போட்டால் வேறு ஆளின் கணக்கில் விழாது.

கல்லடிக்காரன்: இந்தக் காலத்தில் செக்கா? கொழும்புக்குத் தபாலில் அனுப்பி, அது வழியில் தொலைந்தால்?

ஓய்வு_கணக்காளர்: தொலைந்தால் நிறுத்தலாம் தம்பி. போன செஃப்ட்ஸை நிறுத்திக் காட்டுங்கள்.

கல்லடிக்காரன்: திருடன் அதே மாதிரிப் பெயரில் கணக்குத் திறந்திருந்தால் உங்கள் செக்கும் அங்கேதான் போகும். சரி, அதை விடுங்கள். நானா, ஜிமெயில் என்றால் கம்ப்யூட்டரில் அந்த மெயிலைத் திறந்து `Show original` அழுத்துங்கள். நீங்கள் போடும் பதில் எந்த முகவரிக்குப் போகும் என்பது `Reply-To` என்ற வரியில் இருக்கும், அங்கே என்ன இருக்கிறது?

மில்_கணக்கு: கம்பெனி பெயர்தான், கடைசியில் ஒரு `s` கூடுதலாக இருக்கிறது!

கல்லடிக்காரன்: காசு போடாதீர்கள். ஆனால் அந்த `s` இல்லாவிட்டாலும் போன் எடுக்கத்தான் வேண்டும். சப்ளையரின் மெயிலுக்குள்ளேயே ஆள் இருந்தால் எல்லா வரியும் சுத்தமாக இருக்கும்.

மில்_கணக்கு: பழைய பில் நம்பரில் பேசியாச்சு. எக்கவுண்ட் மாறவே இல்லையாம். காசு போகவில்லை. ஆனால் எங்கள் மெயிலைப் படித்துவிட்டுத்தானே பதில் போட்டிருக்கிறான், யாருடைய மெயிலில் புகுந்தான்?

ஓய்வு_கணக்காளர்: உங்களுடையதாகவும் இருக்கலாம். செட்டிங்கில் ஃபோர்வார்ட் ஏதாவது போட்டிருக்கிறதா?

ஏறாவூர்_ஹாட்வெயார்: நானா, பார்த்தீர்களா?