'ட்ராடவுன்' எந்தத் தாழ்வு?

வரைவுக்காரி:

வணக்கம். சப்மெர்சிபிள் மோட்டார் இறக்குபவர்களுக்காக ஒரு சிறு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன், 11ஆம் பக்கத்தில் மாட்டிக்கொண்டேன். மோட்டார் ஓடும்போது போருக்குள் தண்ணீர் மட்டம் கீழே போகிறதே, ட்ராடவுன், அதற்கு 'நீர்மட்டத் தாழ்வு' என்று வைத்திருந்தேன். வரைவைப் படித்த வயர்மேன் தம்பி, "அக்கா, இது கோடையில தாழுறதா, ஓட்டுறப்போ தாழுறதா?" என்று கேட்டுவிட்டார். 'தாழ்வைக் கணக்கிட்டு மோட்டாரை இறக்கவும்' என்பது என் வாக்கியம். எந்தத் தாழ்வு என்று அதில் இல்லைதான்.

ஏற்றம்:

'நிலத்தடி நீர் வீழ்ச்சி' என்று எழுதிவிடலாமே, செய்தித்தாளில் அப்படித்தான் வருகிறது. எங்கள் வீட்டிலும் இந்த வீழ்ச்சிதான். போர் போட்டவர் "ரெண்டு இஞ்ச் தண்ணி சார்" என்றார். நம்பி 2 இஞ்ச் குழாய் போட்டோம். இப்போது வருவது விரல் தடிமன். ஏமாற்றிவிட்டார்கள்.

மெக்கானிக் (அவிநாசிப் பக்கம்):

எங்ககிட்ட ரெண்டே பேச்சுதான். 'நிக்கிற தண்ணி', 'ஓடுறப்போ தண்ணி'. ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு இறங்குச்சோ அதைத்தான் அக்கா கேக்குறாங்க. பேரெல்லாம் எதுக்கு? அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்க. தண்ணி குறையாம வந்தா போர் அந்த மோட்டாருக்குத் தாங்கும். அடியிலிருந்து 20 அடி விட்டுத் தொங்க விட்டுட்டா கோடையிலும் கவலை இல்லை.

பாறைத்தடம்:

முதலில் ஏற்றம் ஐயாவுக்கு. அந்த 2 இஞ்ச் என்பது குழாயின் அளவு அல்ல. கம்ப்ரஸர் ஊதும்போது வரும் தண்ணீரை, வி வடிவத்தில் வெட்டிய தகட்டின் வழியாக விடுவார்கள். அந்த வெட்டில் தண்ணீர் எத்தனை இஞ்ச் உயரம் நிற்கிறது என்பதே அவர் சொன்ன கணக்கு. செங்கோண வெட்டில் 1 இஞ்ச் என்றால் நிமிடத்துக்கு எட்டரை லிட்டர், 2 இஞ்ச் என்றால் ஏறக்குறைய 48. இரட்டிப்பு அல்ல, ஐந்தரை மடங்குக்கும் மேல். அதனால் அரை இஞ்ச் கண் தப்பினாலும் கணக்கு எங்கோ போய்விடும். அதோடு, அது ஊதிய அன்றைய தண்ணீர். மே மாதத்தைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

மெக்கானிக் தம்பி சொன்ன 'நிக்கிற தண்ணி, ஓடுறப்போ தண்ணி' சரியான பிரிவு. அரை மணி நேரச் சோதனைதான் ஆபத்து. ஆறரை இஞ்ச் போரில் ஓர் அடிக்கு ஆறரை லிட்டர் தண்ணீர் நிற்கும். நான் பார்த்த ஒரு போரைச் சொல்கிறேன். ஆழம் 620 அடி. போடும்போதே 180, 340, 510 அடிகளில் ஊற்று வெட்டியது. ஜனவரியில் தண்ணீர் 110 அடியில் நின்றது, மோட்டார் 480 அடியில். நடுவிலுள்ள 370 அடியில் 2400 லிட்டர். நிமிடத்துக்கு 60 லிட்டர் இறைத்தால், ஒரு சொட்டுகூட ஊறாவிட்டாலும் 40 நிமிடம் தண்ணீர் குறையாமல் வரும்! அரை மணி நேரம் ஓட்டினால் போரை அல்ல, போருக்குள் நிற்கும் தொட்டியைத்தான் சோதிக்கிறோம்.

அந்த ஜனவரியில் வால்வைத் திருகி, 20 லிட்டர் வாளி 20 வினாடியில் நிறையும்படி வைத்தோம். மோட்டார் குழாயோடு சேர்த்து ஓர் அரை இஞ்ச் ஓஸையும் அடிவரை கட்டியிருந்தோம், உள்ளே விடும் கம்பி கேபிளில் சிக்காமல் இருக்க. கம்பி முனை தண்ணீரைத் தொட்டால் மேலே பஸ்ஸர் கத்தும். ஒரு மணி நேரத்தில் மட்டம் 150. மூன்றாவது மணியில் 165, அதற்குப் பிறகு அசையவில்லை. அக்கா கேட்கும் தாழ்வு இந்த 55 அடி.

மே மாதம் மறுபடி போனோம். ஓட்டும் முன்பே தண்ணீர் 260 அடியில். இது கோடை செய்த வேலை. இங்கேதான் எல்லோரும் தப்புக் கணக்குப் போடுவார்கள்: 260, அதோடு ஜனவரியின் 55, ஆக 315, மோட்டார் 480இல் இருக்கிறது, பயமில்லை என்று. அதே 60 லிட்டரில் ஓட்டினோம். 340ஐத் தாண்டியதும் போருக்குள் அருவி விழுகிற சத்தம். மட்டம் நிற்காமல் இறங்கியது. பிறகு தண்ணீர் பால் மாதிரி வெளுத்து வந்தது, ஆம்பியர் முள் கீழே ஆடியது. மோட்டார் காற்றை இழுக்கிறது என்று அர்த்தம், உடனே நிறுத்தினோம்.

காரணம், 180 அடி ஊற்று வற்றிவிட்டது. மட்டம் 340க்குக் கீழே போனதும் 340 அடி ஊற்றும் மேலிருந்து கொட்ட ஆரம்பித்துவிட்டது. அதன்பின் மட்டத்தை எவ்வளவு கீழே இழுத்தாலும் அது தருவதையே தரும், கூடுதலாகத் தராது. மறுநாள் வால்வை இறுக்கி 30 லிட்டரில் ஓட்டினோம். நாலு மணி நேரம் 335இல் நின்றது. பாதித் தண்ணீருக்கே 75 அடித் தாழ்வு. இரண்டு தாழ்வுக்கும் ஒரே சொல் வைத்தால், ஜனவரி எண்ணை மே மாதத்தோடு கூட்டுகிற இந்தத் தவறுக்கு நாமே வழி காட்டிவிடுவோம்.

ஏற்றம்:

சரி, போர்க்காரர் மேல் வைத்த பழியைத் திரும்பப் பெறுகிறேன். சொல்லுக்கு வருவோம். 'இழுப்பு' எப்படி?

வரைவுக்காரி:

ஐயா, போருக்கு ஆஸ்துமா என்று நினைத்துவிடுவார்கள்.

ஏற்றம்:

'இறைமட்டம்' என்று தொடங்கினால் ஏதோ சைவ சித்தாந்தம் மாதிரி ஒலிக்கும். 'இறைப்பிறக்கம்' நாக்கில் புரளவில்லை, ஆனால் எதனால் இறங்குகிறது என்பது சொல்லிலேயே இருக்கிறது. மற்றது 'கோடையிறக்கம்'. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள்.

பாறைத்தடம்:

என் ஓட்டு இதற்குத்தான். ஓட்டாதபோது நிற்கும் மட்டத்துக்கு மட்டும் 'நிலைமட்டம்' வேண்டாம். ஜனவரிக்கும் மே மாதத்துக்கும் இடையில் 150 அடி நகர்கிற ஒன்றை நிலை என்று எப்படிச் சொல்வது? 'ஓய்வுமட்டம்' போதும். நிறுத்திய பிறகு மட்டம் ஏறி வருவதற்குப் புதுச் சொல்லே தேவையில்லை, 'ஊறல்' இருக்கிறது.

மெக்கானிக்:

தொட்டிக் கணக்கை ஒத்துக்கிறேன். இனிமே அரை மணி நேரத்துல ஓகே சொல்ல மாட்டேன். ஆனா ஆழத்துக்குப் பதில் வரலையே. 480ல காத்து இழுத்தா 600க்கு இறக்கினா என்ன?

பாறைத்தடம்:

இறக்கலாம் தம்பி, 510 அடி ஊற்றிலிருந்து கொஞ்சம் கூட வரும். ஆனால் மோட்டார் அந்த ஊற்றுக்குக் கீழே போய்விட்டால் தண்ணீர் முழுவதும் மேலேயிருந்துதான் வாய்க்கு வரும். பம்பின் வாய்க்குக் கீழே தொங்கும் மோட்டாரைத் தொட்டுக்கொண்டு ஓடாது, சூடாகும். அடியில் சேறு வேறு. நாங்கள் 30 லிட்டர் மோட்டாராக மாற்றி 420இல் தொங்கவிட்டோம். இறைக்கும்போது மட்டம் 335, மேலே 85 அடி கையிருப்பு.

மெக்கானிக்:

சூட்டுக்கு மோட்டாருக்கு ஒரு பைப்பைச் சட்டை மாதிரி மாட்டிடலாங்க. தண்ணி கீழே போயி சுத்திக்கிட்டுதான் மேல வரும். ஆறரை இஞ்ச் போர்ல 4 இஞ்ச் மோட்டாருக்குத் தாராளமா இடம் இருக்கு. நான் மாட்டியிருக்கேன்.

பாறைத்தடம்:

போர் நேராக இருந்தால் சரி. கோணலாக இருந்தால் சட்டை சிக்கும். 600 அடியில் சிக்கினால் யார் எடுப்பது?

வரைவுக்காரி:

நீங்கள் இருவரும் சண்டையை முடிக்கும் வரை சட்டையை அடிக்குறிப்பில் வைக்கிறேன். 11ஆம் பக்கம் இப்போது இப்படி: 'மே மாத ஓய்வுமட்டத்தை அளக்கவும். அதே மாதத்தில் இறைத்துப் பார்த்து இறைப்பிறக்கத்தை அளக்கவும். இரண்டையும் கூட்டி, மழை பொய்க்கும் ஆண்டுக்காகக் கையிருப்பு அடிகளையும் சேர்த்து மோட்டாரை இறக்கவும்.' கையிருப்பு எத்தனை அடி என்று எழுதுவது? பாறைத்தடம் ஐயாவின் 85 அந்த ஒரு போருக்கு. அடுத்த ஆண்டு ஓய்வுமட்டம் 300க்குப் போனால்?

பாறைத்தடம்:

300 என்றால் 340 ஊற்றுக்கு மேலே 40 அடிதான் மிச்சம், 30 லிட்டரையே தாங்காது. எண் போடாதீர்கள். கோடிட்ட இடமாக விடுங்கள், அந்தந்தப் போரில் அளந்தவர் நிரப்பட்டும்.

மெக்கானிக்:

கோடு மட்டும் விட்டா எங்காளுங்க 100னு எழுதிடுவாங்க அக்கா. பக்கத்துல ஊத்து எத்தனை அடியிலன்னும் ஒரு கட்டம் போடுங்க.