பில் 118-க்கு ஒரு கடிதம்: எங்கள் குடும்பக் குழுவில் நடந்த பேச்சு

சுமதி (அக்டோபர் 6, மாலை 6.10)
எல்லோருக்கும் வணக்கம். ஆகஸ்ட் 4-இல் போட்ட எம்பிராய்டரி பில்லுக்கு இன்னும் பணம் வரவில்லை. 30 நாளில் தருவதாக ஆர்டரிலேயே எழுதியிருக்கிறார்கள். செப்டம்பர் 3 தாண்டி 33 நாளாகிறது. நான்கு முறை போன் செய்தேன், ஒவ்வொரு முறையும் "அடுத்த வாரம்" என்றார்கள். கடிதம் எழுதலாம் என்றிருக்கிறேன். நான்கு வருடமாக வேலை கொடுக்கும் கம்பெனி, மனம் நோகக் கூடாது.

கார்த்தி
அக்கா, நீங்கள் சிறு தொழிலுக்கான உத்யம் பதிவு வைத்திருக்கிறீர்கள் அல்லவா? பணம் தராமல் 45 நாள் தாண்டினால் உங்கள் கூலிச் செலவை அவர்கள் வருமான வரியில் காட்டவே முடியாது. அதை ஒரு வரி எழுதுங்கள், மறுநாளே பணம் வரும்.

கோமதி அத்தை
கடன் கொடுத்தால் எழுதி வாங்கிக்கொள் என்று அப்போதே சொன்னேன். என் நாத்தனார் மகனுக்குக் கொடுத்த ஐம்பதாயிரம் இன்றுவரை வரவில்லை.

சுமதி
அத்தை, இது கைமாற்று இல்லை. செய்து கொடுத்த வேலைக்கான கூலி.

ராசு பெரியப்பா
கார்த்தி சொன்னது பாதிதான் சரி. குறித்த நாள் தாண்டினால் அந்தச் செலவு பணம் கொடுத்த வருடத்தின் கணக்கில்தான் வரும். மார்ச் 31-க்குள் கொடுத்துவிட்டால் அவர்களுக்கு வரியில் எந்த நட்டமும் இல்லை. இப்போது அக்டோபர். அவர்கள் கணக்காளருக்கு இது தெரியும், இன்று எழுதினால் அந்த வரிக்கு எடை இருக்காது. பிப்ரவரியில் எழுதினால் இருக்கும்.

கார்த்தி
அப்படியா பெரியப்பா? 45 நாள் தாண்டினால் போயே போய்விடும் என்றுதான் நினைத்திருந்தேன். வட்டி கேட்கலாம் அல்லவா?

ராசு பெரியப்பா
கேட்கலாம். 2006-ஆம் ஆண்டுச் சிறு தொழில் சட்டப்படி ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல் மூன்று மடங்கு, மாதந்தோறும் கூட்டு வட்டி. ஆனால் முதல் கடிதத்திலேயே வட்டி என்று எழுதினால், பில் கணக்குப் பிரிவிலிருந்து முதலாளி மேசைக்குப் போய்விடும், அங்கே இன்னும் தாமதம். தலைப்புத்தாளில் உத்யம் எண் இருந்தால் போதும். படிப்பவருக்குப் புரியும்.

செல்வம் மாமா
என் மொத்த வியாபாரக் கடைக்கும் இந்த 45 நாள் உண்டா?

ராசு பெரியப்பா
இல்லை மாப்பிள்ளை. வாங்கி விற்பவர்களுக்கு உத்யம் பதிவு வங்கிக் கடனுக்குத்தான் உதவும். சுமதி செய்வது கூலிக்கு வேலை செய்து தரும் ஜாப் ஒர்க், அதனால் அவளுக்கு உண்டு.

சுமதி
நான் எழுதியதைப் பாருங்கள் பெரியப்பா:

"மதிப்பிற்குரிய ஐயா, தொந்தரவு செய்வதற்கு மன்னிக்கவும். எங்கள் பில் தொகை நிலுவையில் இருப்பதாக நினைக்கிறோம். தீபாவளி நெருங்குவதால் தொழிலாளர்களுக்கு போனஸ் தர வேண்டியிருக்கிறது. வேலையில் குறை ஏதும் இருந்தால் சொல்லுங்கள். முடிந்தவரை விரைவில் உதவுமாறு கேட்டுக்கொள்கிறோம்."

அம்மா
நன்றாக இருக்கிறது. போனஸ் என்று படித்தால் இரக்கப்படுவார்கள்.

ராசு பெரியப்பா
இருபத்தாறு வருடம் இரண்டு கம்பெனிகளின் கணக்குப் பிரிவில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன். இந்தக் கடிதத்தை வாங்குபவரால் ஒன்றும் செய்ய முடியாது. எந்த பில், எவ்வளவு, எந்தத் தேதி, எதுவுமே இதில் இல்லை. அவர் தேட வேண்டும், தேட மாட்டார். "நினைக்கிறோம்" என்றால் உனக்கே உறுதியில்லை என்று படுகிறது. போனஸ் உன் வீட்டு விஷயம். வர வேண்டிய கூலியை அது உதவியாக மாற்றிவிடுகிறது.

எல்லாவற்றையும்விட, "குறை இருந்தால் சொல்லுங்கள்" என்று நீயே கேட்காதே. சரக்கு பெற்ற 15 நாளுக்குள் எழுத்தில் குறை சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். இரண்டு மாதம் கழித்து நீ கதவைத் திறந்துவிட்டால் தொகையைக் குறைத்து டெபிட் நோட் வரும்.

சுமதி
நல்லெண்ணத்தில்தான் எழுதினேன். எடுத்துவிடுகிறேன்.

ராசு பெரியப்பா
அதற்கு முன் ஒன்று கேட்கிறேன். சரக்கோடு அனுப்பிய டெலிவரி சலான், அந்த டி.சி. மூன்றிலும் அவர்கள் கேட் முத்திரை இருக்கிறதா?

சுமதி
பார்த்துச் சொல்கிறேன்.

சுமதி (மாலை 7.02)
341, 342 இரண்டிலும் முத்திரையும் கையெழுத்தும் இருக்கின்றன. 346-இல் எதுவும் இல்லை. 1,400 பீஸ். டிரைவர் இரவு பத்து மணிக்குப் போய் இறக்கியிருக்கிறார், காவலாளி வாங்கி வைத்துக்கொண்டாராம்.

ராசு பெரியப்பா
பில்லில் 8,000 பீஸ். அவர்கள் உள்வரவுப் பதிவில் 6,600 என்று இருந்தால் இரண்டும் பொருந்தாது. பொருந்தாத பில்லைத் தனியே ஒதுக்கி வைப்பார்கள், யாரும் உனக்குச் சொல்ல மாட்டார்கள். போனை எடுப்பவருக்கும் தெரியாது, அதனால் "அடுத்த வாரம்" என்பார். இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், கையில் பணமில்லாமலும் இழுப்பார்கள். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். அங்கே ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசரிடம் 346-இன் உள்வரவு எண்ணைக் கேள். அந்த பீஸ்கள் அவர் ஆர்டருக்கானவைதான், அவருக்குத் தெரிந்திருக்கும்.

கார்த்தி
பில்லே வரவில்லை என்று சொன்னால்?

ராசு பெரியப்பா
சுமதி மாதாமாதம் ஜி.எஸ்.டி. கணக்கு ஒழுங்காகப் போடுகிறாள். பில் அவர்கள் பக்கமும் தெரிந்திருக்கும்.

சுமதி
ஆமாம். பணம் வராமலே 9,200 ரூபாய் வரியைச் செப்டம்பரில் என் கையிலிருந்து கட்டிவிட்டேன். அதுதான் அதிகம் வலிக்கிறது.

சுமதி (இரவு 8.25)
மறுபடி எழுதியிருக்கிறேன்:

"பொருள்: பில் எண் 118, தேதி ஆகஸ்ட் 4, நிலுவை ரூ.1,91,360

கணக்குப் பிரிவுக்கு வணக்கம்.

மேற்கண்ட பில்லுக்கான தொகை செப்டம்பர் 3 அன்று வந்திருக்க வேண்டும். இன்றுவரை எங்கள் வங்கிக் கணக்கில் வரவு இல்லை. 8,000 பீஸ் எம்பிராய்டரிக் கூலி ரூ.1,84,000, ஜி.எஸ்.டி. ரூ.9,200. அதில் டி.டி.எஸ். ரூ.1,840 போக மேலே குறித்த தொகை வர வேண்டும்.

சரக்கு டி.சி. 341, 342, 346 வழியாகத் தங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. பில், டி.சி. நகல்களையும் எங்கள் வங்கி விவரத்தையும் இணைத்துள்ளோம்.

அக்டோபர் 13-க்குள் தொகையை அனுப்பிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். பில் ஏதேனும் ஆவணத்துக்காக நிற்கிறது என்றால் எது என்று தெரிவியுங்கள், மறுநாளே கொண்டுவந்து தருகிறோம். தொகையை ஏற்கெனவே அனுப்பியிருந்தால் யு.டி.ஆர். எண்ணைத் தெரிவித்தால் போதும்.

நன்றி."

ராசு பெரியப்பா
இதில் கோபமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. கணக்குப் பிரிவுக்கு அனுப்பி, மெர்ச்சண்டைசருக்கும் நகல் போடு. 346-ஐ மட்டும் நாளை காலை நேரில் கொண்டு போய் முத்திரை வாங்கிக்கொண்டு, அதன் பிறகு அனுப்பு. முத்திரை இல்லாத நகலை இணைத்தால் திரும்ப அதே இடத்தில் நிற்கும்.

அம்மா
எனக்கு இன்னும் ஒரு வரி அன்பாக இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

சுமதி
இன்னொரு சிக்கல் பெரியப்பா. அதே கம்பெனி இன்று 3,000 பீஸ் புதிய ஆர்டருக்குச் சாம்பிள் கேட்டிருக்கிறது. எடுக்கவா, வேண்டாமா?

செல்வம் மாமா
பழைய பாக்கி வரும்வரை எடுக்காதே.

அம்மா
மெஷின் சும்மா நின்றால் ஆட்கள் வேறு யூனிட்டுக்குப் போய்விடுவார்கள்.

ராசு பெரியப்பா
சாம்பிளைக் கொடு. ஆர்டரை எடுப்பதற்கு 13-ஆம் தேதி வரை பொறு. அதற்கு மேல் உன் யூனிட், உன் முடிவு.

சுமதி
சாம்பிளை நாளை 346-உடனேயே எடுத்துப் போகிறேன். காலை ஒன்பதரைக்கு கேட்டில் இருப்பேன்.

கோமதி அத்தை
என் ஐம்பதாயிரத்துக்கும் இப்படி ஒரு கடிதம் எழுதித் தருவாயா சுமதி?