மாதா மாதம் ஒரே வருமானம் இல்லை, ஓய்வூதியமும் இல்லை: எப்படிச் சேர்ப்பது?

கமராக்காரன்: வயது 38, யாழ்ப்பாணத்தில கலியாணப் படப்பிடிப்பு. தொழில் செலவு போக வருசம் 15 இலட்சம் வரும். ஆவணி, தையில நல்ல உழைப்பு, ஆடி, மார்கழியில ஒண்டும் இல்லை. வீட்டுச் செலவு மாதம் 90,000. நிலையான வைப்புப் போட்டா மார்கழியில உடைக்க வேண்டி வருது. என்ன வழி?

வலிகாமம்: ஊழியர் சேமலாப நிதியத்தில சேருங்கோ. சம்பளத்தில 20% அதுக்குக் கட்டுவினம்.

கடைக்கணக்கு: அது சம்பளக்காரருக்கு. அந்த 20 இல் 12 முதலாளி கட்டுறது. இவருக்கு முதலாளி இல்லை.

தம்பி, இடையில ஒரு கணக்கு இல்லாததாலதான் வைப்பு உடையுது. வாற காசு முழுக்க ஒரு சேமிப்புக் கணக்கில விழட்டும். அதில இருந்து மாதம் 1ஆம் திகதி 90,000ஐ மட்டும் வீட்டுக்கு எடுங்கோ, ஆவணியெண்டாலும் அதேதான். அங்க 6 மாதச் செலவு, 5.4 இலட்சம், நிக்கிற வரைக்கும் ஓய்வுக்கெண்டு ஒண்டும் ஒதுக்காதேங்கோ.

வருசம் 4.2 இலட்சம் மிஞ்சும். கமரா மாத்த 1.2 இலட்சம் தள்ளினா 3 இலட்சம். அந்த 5.4 நிரம்பவே கிட்டத்தட்ட 2 வருசம் போகும், அவசரப்படாதேங்கோ. பிறகு மேலதிகமா நிக்கிறதை 3 மாதத்துக்கு ஒருக்கா ஒரு வருச வைப்பாப் போடுங்கோ, வட்டி முதிர்வில வாற மாதிரி. மாத வட்டி எண்டா அது செலவாப் போயிடும்.

பவுண்கணக்கு: ரூபாயை நம்பாதேங்கோ. 2022இல் பணவீக்கம் 70% வரை போகேக்க பவுண்தான் நிண்டது. முழுக்கப் பவுண் வாங்குங்கோ.

கடைக்கணக்கு: நிண்டது உண்மை. ஆனா மார்கழியில அடகு வைச்சு ஆவணியில மீட்டா வட்டிதான் மிச்சம். நகையெண்டா செய்கூலியும் சேதாரமும் திரும்பி வராது. சேமிப்பில ஒரு பங்குக்கு மட்டும் பவுண் நாணயமா வாங்கலாம்.

சாவகச்சேரி அக்கா: எனக்குத் தையல் கடை, 52 வயது. சமூகப் பாதுகாப்புச் சபை ஓய்வூதியம் பிரயோசனமோ?

கடைக்கணக்கு: அக்கா, 60 இல் வாற தொகை இப்பவே ரூபாயில நிச்சயிச்சதோ எண்டு முதல் கேளுங்கோ. அப்பிடியெண்டா விலைவாசி ஏற அதின்ர பெறுமதி குறையும், மருந்துச் செலவுக்கு மட்டும் கணக்குப் பாருங்கோ, சாப்பாட்டுக்கு அதை நம்பேலாது.

கமராக்காரன்: வட்டியில 10% பிடிக்கிறாங்கள். 60 வயதுக்கு இந்த 3 இலட்சம் காணுமோ?

கடைக்கணக்கு: 2025 ஏப்ரலில இருந்து அந்த 10%. உங்கட வருமானம் வட்டியோட சேர்த்தும் 18 இலட்சத்துக்குக் கீழ எண்டா வங்கியில சுயபிரகடனம் குடுங்கோ, பிடிக்க மாட்டினம்.

காணாது. பணவீக்கத்தை விட 3% கூட வளர்ந்தாலும் முதல் 2 வருசம் கழிச்சு 20 வருசத்தில இண்டைய பெறுமதியில 80 இலட்சம் அளவுதான் வரும். மாதம் 70,000 செலவெண்டா, காசு பணவீக்கத்தோட சமமா மட்டும் வளர்ந்தா 25 வருசத்துக்கு 2.1 கோடி வேணும். வருமானம் கூடுற வருசங்களில கூடினதில பாதியை ஓய்வுக்குத் திருப்பினாலும் முழு இடைவெளியும் மூடாது. 60க்குப் பிறகும் அல்பம், எடிற்றிங் மாதிரி வெளியில ஓடாத வேலையால மாதம் எவ்வளவு எடுக்கலாமெண்டு நீங்கள்தான் சொல்லோணும். அது தெரிஞ்சாப் பிறகு திரும்பப் போட்டுப் பார்ப்பம்.