பாட்டு, டான்ஸ் க்ளாஸ் சென்டருக்கு பிளான் எழுதினவங்க அனுபவம் சொல்லுங்க, முதல்ல என்னோடது

மோகனத்தம்பூரா
போன வருஷம் நான், இன்னொரு பாட்டு டீச்சர், ஒரு பரதநாட்டிய டீச்சர்னு மூணு பேரா சேர்ந்து வெளிநாட்டுல இருக்கற நம்ம குடும்பங்களுக்கு ஆன்லைன்ல க்ளாஸ் எடுக்கற சென்டர் ஆரம்பிச்சோம். மூணு பேரும் இந்தியாவுல. ஸ்டூடண்ட்ஸ் நியூஜெர்சி, கலிஃபோர்னியா, லண்டன், சிங்கப்பூர். பிளான் நான்தான் எழுதினேன், பன்னெண்டு பக்கம். சிலபஸ் மட்டும் அஞ்சு பக்கம், சரளி வரிசைல இருந்து வர்ணம் வரைக்கும், தட்டடவுல இருந்து தில்லானா வரைக்கும் அழகா போட்டிருந்தேன். டைம் பத்தி எழுதினது ஒரே ஒரு வரி: "ஒரு டீச்சருக்கு நாளைக்கு 6 மணி நேரம், வாரம் 6 நாள், மொத்தம் 36." அந்த ஒரு வரிலதான் எல்லாமே கவுந்துச்சு.

ஏன்னா அந்த 36 மணி நேரம் எங்க இருக்குன்னு நான் தேடவே இல்ல. குழந்தைங்க ஸ்கூல் விட்டு வந்து தூங்கப் போறதுக்குள்ள இருக்கற நேரம்தான் நாம விக்க முடிஞ்ச நேரம். கோடைல கலிஃபோர்னியா சாயந்தரம் 5 மணின்னா நமக்கு விடிகாலை 5:30. சிங்கப்பூர் 5 மணின்னா நமக்கு மதியம் 2:30. லண்டன் 4:30ன்னா நமக்கு ராத்திரி 9. காலைல ரெண்டு மணி நேரம், மதியம் ரெண்டரை, ராத்திரி ஒண்ணரை, கூட்டினா சரியா 6 மணி நேரம் வருது, பேப்பர்ல பாத்தா சந்தோஷமாத்தான் இருக்கு. ஆனா அந்த டீச்சர் விடிகாலை 5:30க்கு உக்காந்து ராத்திரி 10:30க்கு எழுந்திருக்கணும். ஒரு மாசம் பண்ணிப் பாத்தேன், மூணாவது வாரமே மேல் ஸ்தாயி போகல, தொண்டை கட்டிருச்சு.

அப்புறம் ஒரு டீச்சருக்கு ரெண்டு ஊர் நேரம்தான்னு முடிவு பண்ணோம். எனக்கு காலையும் மதியமும். வார நாள்ல 4 மணி நேரம், நாலு நாள், 16. சனி ஞாயிறு அஞ்சஞ்சு, 10. ஆக 26. இதுலயும் சனி ஞாயிறுதான் மொதல்ல நிரம்பும், வார நாள்ல பாதி காலியாவே கெடக்கும். கடைசில கைக்கு வந்தது வாரம் 18 மணி நேரம். 36ன்னு எழுதினது 18! அதுக்கும் மேல வருஷத்துக்கு 52 வாரம்னு பெருக்கியிருந்தேன் (எனக்கு அப்ப என்ன ஆச்சுன்னே தெரியல). ஸ்கூல் லீவு, பரீட்சை, ஊருக்கு வர்றதுன்னு எல்லாம் கழிச்சா 40 வாரம்தான் ஓடுச்சு. 1872 மணி நேரம்னு கணக்குப் போட்ட எடத்துல 720.

நீங்க எழுதின பிளான்ல எந்த வரி கவுத்துச்சு?

எக்செல்ராஜா
சிம்பிள் மேடம். எல்லா க்ளாஸையும் இந்திய நேரத்துல ஃபிக்ஸ் பண்ணிடுங்க. "திங்கள் காலை 6 மணி IST" அவ்ளோதான். அவங்க கடிகாரம் மாறினா அவங்க பாத்துக்கட்டும். என் தங்கச்சி கோடிங் க்ளாஸ் இப்டிதான் எடுக்கறா, ஒரு பிரச்சனையும் இல்ல.

தட்டுக்கழி
ராஜா தம்பி, டீச்சர் பக்கம் பாத்தா நீங்க சொல்றது சரிதான், நம்ம டைம் டேபிள் ஆடாம நிக்கும். ஆனா குடும்பம் பக்கம் பாருங்க. கோடைல நியூஜெர்சில சாயந்தரம் 6:30க்கு இருந்த க்ளாஸ் நவம்பர்ல 5:30 ஆயிடும். அந்த நேரத்துல அந்தக் கொழந்தை நீச்சல்ல இருக்கும், இல்ல அப்பா ஆபீஸ்ல இருந்து வந்திருக்க மாட்டார். நான் மொத வருஷம் அப்டிதான் வச்சேன், நவம்பர்ல 14 பேர்ல 5 பேர் நின்னுட்டாங்க. ஒருத்தர்கூட டைம் மாறினதாலன்னு சொல்லல, "கொஞ்சம் பிரேக் எடுக்கறோம்"னுதான் சொன்னாங்க. தேதியைப் பக்கத்துல வச்சுப் பாத்தப்பதான் புரிஞ்சுது.

நான் இப்ப அவங்க ஊர் நேரத்துலதான் ஃபிக்ஸ் பண்றேன். அதுல வேற ஒரு வம்பு இருக்கு, மோகனம் அக்கா உங்க பிளான்ல இதைக் கண்டிப்பா சேருங்க. எல்லா நாடும் ஒரே நாள்ல கடிகாரத்தை மாத்தறதில்ல. அமெரிக்கா மார்ச் ரெண்டாவது ஞாயிறு ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி நவம்பர் மொத ஞாயிறு பின்னாடி இழுக்குது. பிரிட்டன் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும். சிங்கப்பூர், இந்தியா மாத்தறதே இல்ல. சிட்னி அப்டியே தலைகீழ், அக்டோபர்ல முன்னாடி, ஏப்ரல்ல பின்னாடி.

என் கேஸ் சொல்றேன். சனிக்கிழமை லண்டன் பொண்ணு மதியம் 1 மணி, நமக்கு சாயந்தரம் 5:30. அடுத்தது நியூஜெர்சி பையன் காலைல 9 மணி, நமக்கு 6:30. அருமையா ஓடிட்டிருந்துச்சு. அக்டோபர் கடைசில லண்டன் மாறிருச்சு, அவ 1 மணி நமக்கு 6:30 ஆயிருச்சு. நியூஜெர்சி இன்னும் மாறல, அவனும் 6:30. ரெண்டு பேரும் ஒரே லிங்க்ல வந்து நிக்கறாங்க, ரெண்டு அம்மாவும் ஸ்கிரீன்ல முழிக்கறாங்க. அடுத்த சனிக்கிழமை தானா சரியாயிருச்சு. ஆனா மார்ச்ல அந்த இடைவெளி ரெண்டு இல்ல மூணு சனிக்கிழமை வரும், வருஷத்தைப் பொறுத்து. அதனால இப்ப ஒவ்வொரு டீச்சருக்கும் அமெரிக்க பேட்ச்சுக்கும் லண்டன் பேட்ச்சுக்கும் நடுவுல ஒரு மணி நேரம் காலியா விடறேன். அந்த ஒரு மணி நேரத்தை வருமானக் கணக்குல சேக்கறதே இல்ல.

எக்செல்ராஜா
ஓ அது யோசிக்கல. அப்ப காலண்டர்ல நிகழ்ச்சி போடும்போதே ஸ்டூடண்ட் ஊர் டைம் சோன்ல போட்டுட்டா அதுவே நகர்ந்துக்கும், மோதறது முன்னாடியே தெரிஞ்சிரும்ல?

தட்டுக்கழி
ஆமா, அப்டி போட்டுட்டு மார்ச் வாரங்களையும் அக்டோபர் கடைசி, நவம்பர் மொத வாரங்களையும் திறந்து பாத்தாலே போதும். கோடிங் க்ளாஸ்காரங்களுக்கு நல்ல அண்ணன் கெடச்சிருக்கீங்க 😄

நித்யாம்மா_டொராண்டோ
என் பொண்ணு நாலு வருஷமா ஆன்லைன்ல பரதம் கத்துக்கறா, அரைமண்டி உக்காரவே மாட்டேங்கறா, டீச்சர் தாளம் தப்புது தப்புதுன்னு திட்டறாங்க. எனக்குப் பாத்தா சரியாத்தான் ஆடற மாதிரி இருக்கு. டீச்சரை மாத்தணுமா? நீங்க பிளான் குடுப்பீங்களா?

தட்டுக்கழி
அம்மா இங்க பேசறது க்ளாஸ் நடத்தறவங்க பிளான், ஆனா நீங்க கேட்டதுலயும் ஒரு விஷயம் இருக்கு. டீச்சர் தட்டுக்கழி தட்டற சத்தம் உங்க வீட்டுக்கு வர கொஞ்சம் நேரம் ஆகும், பொண்ணு அந்த சத்தத்துக்கு ஆடுவா, அந்த வீடியோ திரும்ப டீச்சர்கிட்ட போக இன்னும் கொஞ்சம் நேரம். டீச்சர் கண்ணுக்கு அவ எப்பவுமே லேட்டாத்தான் தெரிவா. ஒரு தடவ உங்க ஃபோன்ல தனியா ரெக்கார்ட் பண்ணி, வீட்ல கேக்கற தட்டு சத்தமும் கால் சத்தமும் சேர்ந்து விழற மாதிரி எடுத்து அனுப்புங்க. அதுல சேர்ந்தா பொண்ணு மேல தப்பு இல்ல. அதுலயும் பிந்தினா டீச்சர் சொல்றது சரி. அரைமண்டிக்கு கேமராவை இடுப்பு உயரத்துல, பாதம் தெரியற மாதிரி தள்ளி வைங்க, மேஜை மேல லேப்டாப் வச்சா முட்டி எங்க போகுதுன்னே தெரியாது.

மோகனத்தம்பூரா
இதே தாமதம்தான் எங்க பிளான்ல ரெண்டாவது ஓட்டை. "குரூப் க்ளாஸ், நாலு பேர், 45 நிமிஷம்"னு எழுதியிருந்தேன், நேர்ல எடுக்கற மாதிரியே. நேர்ல நாலு பேரும் சேர்ந்து ஜண்டை வரிசை பாடுவாங்க, 45 நிமிஷமும் எல்லாருக்கும் பாட்டுதான். ஆன்லைன்ல நாலு பேரும் மைக்கைத் திறந்தா சந்தைக்கடை. நான் பாடுவேன், மத்தவங்க மியூட்ல பாடுவாங்க, ஒவ்வொருத்தரா திறந்து பாடிக் காட்டணும். எண்ணிப் பாத்தேன், ஒரு கொழந்தை குரலை நான் கேக்கறது 45 நிமிஷத்துல எட்டுல இருந்து பத்து நிமிஷம். மியூட்ல இருக்கறப்ப சுருதி வெலகினா தெரியவே தெரியாது, ரெண்டு மாசம் கழிச்சு கேட்டா ஒரு பையன் பஞ்சமத்தை ஒழுங்கா பிடிக்காமலே அலங்காரம் வரைக்கும் வந்துட்டான்.

அதனால பாட்டுக்கு குரூப்பை ரெண்டு பேரா கொறச்சோம், டான்ஸ்க்கு நாலு பேரையே வச்சோம், ஏன்னா டான்ஸ்ல கண்ணால நாலு பேரையும் ஒரே நேரத்துல பாக்கலாம். வருமானப் பக்கத்துல பாட்டும் டான்ஸும் தனித்தனி வரியா பிரிஞ்சது அப்பதான். அப்புறம் zoom-ல Original Sound for Musicians ஆன் பண்ணாம விட்டா தம்பூராவை இரைச்சல்னு நெனச்சு அமுக்கிடும், மொத வாரமே பெற்றோருக்கு செட்டிங்ஸ் சொல்லிக் குடுக்க அரை மணி நேரம் தனியா ஒதுக்குங்க.

சனிக்கிழமைஹால்
நான் லண்டன் பக்கம் நேர்ல நடத்தறேன், ஸ்கூல் ஹால் வாடகைக்கு. நீங்க சொல்ற கடிகார வம்பு எனக்கு இல்ல, ஆனா மணி நேரம் இன்னும் கம்மி. ஹால் சனிக்கிழமை நாலு மணி நேரம்தான், அதுவும் ஸ்கூல் டெர்ம் நடக்கறப்ப மட்டும். பிளான்ல நான் மறந்தது டீச்சர்களுக்கு குற்றப் பின்னணி பாக்கற DBS செக். விண்ணப்பம் போட்டு சர்டிஃபிகேட் கைக்கு வரவரைக்கும் ஹால்காரங்க உள்ள விடல. ஹால் அட்வான்ஸ் கட்டியாச்சு, பெற்றோர்கிட்ட தேதி சொல்லியாச்சு, டீச்சர் வீட்ல உக்காந்திருக்கார். தொடக்கத் தேதியை செக் முடிஞ்சப்புறம் எழுதுங்க.

இன்னொண்ணு, ஆன்லைன்ல விடிகாலை நாலு மணிக்கு எழுந்திருக்கறதுக்கு பதிலா இங்கயே வளந்து அரங்கேற்றம் முடிச்ச சீனியர் ஸ்டூடண்ட் ஒருத்தரை வார நாள் பேட்ச்சுக்கு வச்சா என்ன? நாங்க அடவு பேட்ச் முழுக்க அப்டிதான் ஓட்டறோம்.

மோகனத்தம்பூரா
யோசிச்சோம் அண்ணா. நியூஜெர்சி சாயந்தரம் நமக்கு விடிகாலைதான், அந்த பேட்ச்சை மட்டும் அங்கயே இருக்கற சீனியர் பொண்ணுகிட்ட குடுத்தோம். ஆனா பெற்றோர் "இந்தியாவுல இருக்கற டீச்சர்னு சொல்லித்தானே சேந்தோம்"னு கேட்டாங்க. மாசத்துக்கு ஒரு சனிக்கிழமை நான் வந்து கேப்பேன்னு சொல்லி சமாளிச்சோம். ஏழு பேர்ல ரெண்டு பேர் போயிட்டாங்க.

தட்டுக்கழி
அதை சேரும்போதே எழுதிக் குடுத்துடுங்க அக்கா, யாரு எந்த அளவு வரைக்கும் எடுப்பாங்கன்னு. அலாரிப்பு வரைக்கும் சீனியர், ஜதிஸ்வரத்துல இருந்து நான்னு போட்டுட்டேன், அதுக்கப்புறம் யாரும் கேக்கல.

பாதிமாசம்
எல்லாரும் நேரத்தைப் பேசறீங்க, ஃபீஸ் பேசல. ஜூன், ஜூலைல குடும்பமே ஊருக்கு வந்துருது, ஆறு வாரம் க்ளாஸ் இல்ல, ஃபீஸ் கட்ட மாட்டேங்கறாங்க. அந்த ஸ்லாட்டை வேற யாருக்கும் குடுக்கவும் முடியல, திரும்பி வந்தா அதே நேரம் வேணும்ங்கறாங்க. என்ன பண்றீங்க?

மோகனத்தம்பூரா
நாங்க பத்து வாரத்துக்கு ஒரு டெர்ம், வருஷத்துக்கு நாலு டெர்ம்னு மாத்திட்டோம், அந்த லீவு டெர்ம்களுக்கு நடுவுலயே விழற மாதிரி. ஆனா சிங்கப்பூர் ஸ்கூல் லீவும் அமெரிக்க லீவும் ஒண்ணா விழல, சிங்கப்பூர்ல ஜூன் முடிஞ்சதும் ஸ்கூல் திறந்துடுது. ஒரே டெர்ம் காலண்டர் ரெண்டு ஊருக்கும் ஒத்து வரல. ஊருக்கு ஒரு காலண்டர் போட்டா டீச்சருக்கு லீவே கிடையாது. எங்க டான்ஸ் டீச்சர் இன்னும் அதுக்கு சண்டை போட்டுட்டு இருக்காங்க.

தட்டுக்கழி
நான் ஸ்லாட் பிடிச்சு வைக்க பாதி ஃபீஸ் கேக்கறேன். சிலர் தர்றாங்க, சிலர் "க்ளாஸே இல்லாதப்ப எதுக்கு"ன்னு கேக்கறாங்க, அவங்க கேக்கறதும் நியாயமாத்தான் படுது.