முதல் மெக்கானிக்கல் கீபோர்ட்: ரெட், ப்ளூ, சில்வர் எதை எடுப்பது? மைக்கில் சத்தம் கேட்கக் கூடாது

இரவுப்பறவை
இதுவரை சாதாரண மெம்ப்ரேன் கீபோர்ட்தான். ஷூட்டர் கேம் ஆடுவேன், பெரும்பாலும் ராத்திரியில். அதே அறையில் தம்பி தூங்குவான், டீமுக்கு மைக்கும் எப்போதும் ஆனில் இருக்கும். நண்பன் வீட்டில் ப்ளூ ஸ்விட்ச் அழுத்திப் பார்த்தேன், அந்த 'டிக்' ரொம்பப் பிடித்துவிட்டது. ஆனால் கேமுக்கு ரெட்தான் நல்லது, அதில் சத்தமே வராது என்கிறார்கள். நிஜமா?

வேகப்புயல்
சில்வர் எடு ப்ரோ, யோசிக்காதே. ரெட் 2 மி.மீ. இறங்கினால்தான் பதிவாகும், சில்வர் 1.2 மி.மீ.யிலேயே பதிவாகிவிடும். மேடோ 'டிக்'கோ இல்லாமல் நேராக இறங்கும் லீனியர் என்பதால் சத்தமும் கிடையாது.

ஸ்பிரிங்மணி
வேகப்புயல் சொன்ன தூரக் கணக்கு செர்ரி எம்எக்ஸ் ஸ்விட்சுகளுக்குச் சரி. சத்தம் பற்றிச் சொன்னது பாதிதான் சரி. லீனியரில் 'டிக்' கிடையாது, அவ்வளவுதான். ரெட் மொத்தம் 4 மி.மீ. இறங்கும், எழுத்து பதிவாவது நடுவழியில். ஆட்டத்தின் சூட்டில் யாரும் நடுவழியில் விரலை நிறுத்துவதில்லை, அடிவரை குத்துவோம். ஸ்விட்சின் தண்டு அடியில் மோதும்போது ஒரு 'டக்', விட்டதும் மேலே வந்து மோதும்போது இன்னொன்று. மைக்கில் கேட்பது இந்த இரண்டும்தான். பிரவுன் ஸ்விட்சிலும் இதே கதை. நடுவில் விரலுக்கு ஒரு சின்ன மேடு தட்டுப்படும், அதனால் சத்தம் குறையாது.

ப்ளூவை நான் வேண்டாம் என்பதற்குச் சத்தம் மட்டும் காரணமில்லை. அதில் பதிவாகும் இடமும், விட்டதாகக் கணக்காகும் இடமும் வேறுவேறு. ரெட்டில் இரண்டும் கிட்டத்தட்ட ஒட்டியே இருக்கும். ப்ளூவில் பதிவான இடத்தைத் தாண்டி நன்றாக மேலே வந்தால்தான் கீ விடுபடும். இடப்பக்கம் நகர்ந்துகொண்டிருக்கிறாய், சட்டென்று நின்று சுட வேண்டும், A-வை விட்டு D-யைத் தட்டுகிறாய் என்று வை. விரல் தூக்கத் தொடங்கிய பிறகும் A கொஞ்ச நேரம் அழுத்தியபடியே கணக்காகும். ஒரே கீயை வேகமாக இரண்டு முறை தட்டும்போதும் இரண்டாவது தட்டு விழாமல் போகலாம்.

நண்பன் கீபோர்டிலேயே சோதித்துப் பார். நோட்பேடைத் திறந்து, கீயை மெதுவாக அழுத்து, எழுத்து வந்த இடத்தில் நிறுத்து. அங்கிருந்து மயிரிழை தூக்கி மறுபடி அழுத்து. ப்ளூவில் கீ விடுபடாது, பிடித்தே இருப்பதால் அதே எழுத்து ஓடிக்கொண்டே இருக்கும், புதிதாக 'டிக்'கும் கேட்காது.

தட்டச்சுத்தாரகை
நான் அலுவலக வேலைக்குப் பல வருடமாக ப்ளூதான். நாள் முழுக்க டைப் செய்கிறேன், ஒரு எழுத்து விட்டுப்போனதில்லை. அதன் சுகமே தனி. ஏன் இப்படிப் பயமுறுத்துகிறீர்கள்?

ஸ்பிரிங்மணி
டைப்பிங்கில் ஒவ்வொரு கீயையும் முழுதாக விட்டுத்தான் அடுத்ததுக்குப் போகிறோம் அக்கா, அங்கே இது தெரியவே தெரியாது. கேள்வி கேட்ட தம்பி ஆடுவது ஷூட்டர்.

இரவுப்பறவை
சோதித்தேன் அண்ணா, நீங்கள் சொன்ன மாதிரியே கீ விடுபடவில்லை, எழுத்து ஓடிக்கொண்டே இருந்தது. அப்போ ரெட் வாங்கி ரப்பர் வளையம் போட்டால் சத்தம் அடங்குமா?

ஸ்பிரிங்மணி
வளையம் கீகேப்புக்கு அடியில் உட்காரும். கீழே மோதும் சத்தம் குறையும், மேலே வந்து மோதும் சத்தம் அப்படியே இருக்கும். அதற்குப் பதில் சைலன்ட் ரெட் பார். தண்டிலேயே ரப்பர் இருப்பதால் இரண்டு மோதலும் அமுங்கும். அழுத்தம் ரெட் போலவே சுமார் 45 கிராம், பதிவு 1.9 மி.மீ.யில். அடியில் கொஞ்சம் மெத்தென்று இருக்கும், சிலருக்கு அது பிடிக்காது. முடிந்தால் ஹாட்-ஸ்வாப் போர்டாக எடு. பிடிக்காவிட்டால் ஸ்விட்சை மட்டும் பிடுங்கி மாற்றலாம், சால்டரிங் வேண்டாம்.

ஸ்பேஸ் பாரைத் தனியாகத் தட்டிக் கேள். அது கடகடவென்றால் காரணம் அடியிலுள்ள ஸ்டெபிலைசர் கம்பி. எந்த ஸ்விட்ச் போட்டாலும் அது போகாது, கம்பி முனையில் கிரீஸ் தடவ வேண்டும். மைக் ஸ்டாண்டை கீபோர்ட் இருக்கும் மேசையிலேயே வைக்காதே, அதிர்வு மரம் வழியாகவே ஏறும்.

வேகப்புயல்
சத்தம் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 0.8 மி.மீ. வித்தியாசம் சும்மாவா? அதுக்கும் மேல வேணும்னா காந்தத்துல வேலை செய்யுற ஹால் எஃபெக்ட் ஸ்விட்ச் இருக்கே, எங்கே பதிவாகணும்னு நாமே செட் பண்ணலாம். ரேபிட் ட்ரிகர் போட்டா விரல் தூக்கின உடனே கீ விட்டுடும்.

ஸ்பிரிங்மணி
நின்று சுடுவதற்கு ரேபிட் ட்ரிகர் நிஜமாகவே உதவும், அதில் மறுப்பில்லை. ஆனால் அதுவும் லீனியர்தான், சாதாரண காந்த ஸ்விட்ச் அடியில் அதேபோல் மோதும். சைலன்ட் வகை தனியாகத் தேட வேண்டும், சாதாரண எம்எக்ஸ் ஸ்விட்சை அந்தப் போர்டில் போட்டால் பொதுவாக வேலை செய்யாது. சில்வரில் எனக்குள்ள தயக்கம் வேறு. WASD மேல் விரலைக் கனமாக வைப்பவர்களுக்குத் தானாக நகர்வு விழும்.

வேகப்புயல்
ஒரு வாரத்தில் பழகிடும்.

ஸ்பிரிங்மணி
சிலருக்குப் பழகும், எனக்குப் பழகவில்லை.

இரவுப்பறவை
எனக்கு விரல் கனம்தான், மெம்ப்ரேன் பழக்கம். ஹாட்-ஸ்வாப் போர்டும் சைலன்ட் ரெட்டும் எடுக்கிறேன். கூடவே நாலு சில்வர் வாங்கி WASD-யில் மட்டும் போட்டுப் பார்க்கலாமா?

ஸ்பிரிங்மணி
தாராளமாக. அந்த நாலு கீ மட்டும் மற்றதைவிடச் சத்தமாக இருக்கும். ராத்திரி ஆட்டத்துக்கு முன்னால் பகலிலேயே மைக்கில் பதிந்து கேட்டுவிடு. ஸ்விட்சை மாற்றும்போது செப்புக் கால்கள் நேராக இருக்கிறதா பார்த்துச் செருகு. மடங்கினால் கீ வேலை செய்யாது, போர்டுதான் பழுது என்று தோன்றும்.