புதுப்பிப்பு: கடையின் கருத்துக்கணிப்பு அழைப்பு

முன்பு கேட்டது: “கல்லடியில் எங்கள் கைத்தறிக் கடைக்கான கருத்துக்கணிப்பு அழைப்பை எப்படி நேர்மையாக எழுதுவது?”

சரி, மாற்றி எழுதிவிட்டோம். அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவர்களில் கருத்துக்கணிப்பு வேலை நன்கு தெரிந்த அக்கா, முதலில் வாடிக்கையாளர் சிலரை நிரப்பவைத்து நேரம் பார்க்கச் சொன்னார். அழைப்பில் இருந்தது 2 நிமிடம்; பலருக்கும் 5 நிமிடம் போனது. எழுதிப் பதில் சொல்லும் கேள்விதான் இழுத்தது.

குலுக்கல் பரிசு வைக்கச் சொன்ன தம்பி பாதி சரி. பதில் கூடலாம், ஆனால் அதே படிவத்தில் தொலைபேசி எண்ணும் வாங்கினால் ‘யாரென்று தெரியாது’ என்று எழுத முடியாது.

இப்போது அனுப்புவது:

“சேலை, சாரம் மாற்றிக் கொடுக்கும் விதியைத் திருத்தப்போகிறோம். அதற்காக 6 கேள்விகள், சுமார் 5 நிமிடம். விரும்பாததை விடலாம். பதில்களை முதலாளியும் கணக்காளரும் மட்டும் பார்ப்பார்கள், விளம்பரத்துக்கு எடுக்கமாட்டோம், 3 மாதத்தில் அழிப்போம். பரிசுக்கு எண் தருவதென்றால் தனிப் படிவம். அது பதிலோடு சேராது.”

பழையதில் ‘சேவையை மேம்படுத்த’ என்று மட்டுமே இருந்தது, எதைத் திருத்தப்போகிறோம் என்பதே இல்லை.

ஒன்று இன்னும் தீரவில்லை. ஆளுக்கொரு இணைப்பு அனுப்பினால் யாருடைய பதில் என்று தெரிந்துவிடும். பொது இணைப்பு என்றால் ஒருவரே இருமுறை நிரப்பலாம். இப்போதைக்குப் பொது இணைப்புதான்.